ஒரு டிகிரிக்கு ஒரு பதம்: குறைந்த சூட்டில் முட்டை வேகவைக்க முழுமையான வழிகாட்டி

கொதிக்கிற தண்ணீரில் முட்டையை வேகவைக்கும்போது நாம் கவனிப்பது கடிகாரத்தை மட்டும்தான். ஆறு நிமிடம் என்றால் மஞ்சள் கரு இளகலாக இருக்கும், பத்து நிமிடம் என்றால் கெட்டியாகிவிடும். இங்கே சொல்லப்போகும் முறையில் தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. 62 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் ஒரு சூட்டைப் பிடித்து, ஓட்டோடு முட்டையை அதில் ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறோம். எந்த டிகிரியைப் பிடிக்கிறோமோ அதற்கேற்ற பதம் வரும். பாகு காய்ச்சுகிறவர்கள் ஒரு கம்பிப் பதம், இரண்டு கம்பிப் பதம் என்று பார்ப்பது போலத்தான். பாகை விரலால் தொட்டுப் பார்க்கலாம், ஓட்டுக்குள் இருக்கும் முட்டையைத் தொட முடியாது. அதனால் தெர்மாமீட்டரை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும்.

இதைப் பழக வந்த நண்பர்கள் நான்கைந்து பேர் என் சமையலறையில் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள். அந்த இடங்களை மனதில் வைத்தே வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

## 1. வெள்ளையும் மஞ்சளும் வேறு வேறு சூட்டில் கெட்டியாகும்

இதைப் புரிந்துகொள்ளாமல் இறங்கினால், முட்டையை உடைத்தவுடன் “வேகவே இல்லையே” என்று தோன்றும். முதல் முறை செய்த எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்.

வெள்ளைக் கருவில் பல புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்பது ஏறத்தாழ 61, 62 டிகிரியிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். ஆனால் வெள்ளைப் புரதத்தில் அது எட்டில் ஒரு பங்குதான். பாதிக்கு மேல் இருப்பது ஓவால்புமின். அது கெட்டியாக 80 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆகவே 64 டிகிரி தண்ணீரில் எவ்வளவு நேரம் விட்டாலும், வெள்ளையில் ஒரு சிறு பங்குதான் பின்னிக்கொள்ளும். மீதி அப்படியே இருக்கும். அதனால்தான் வெள்ளை இளநீர் வழுக்கை போலத் தளதளவென்று வருகிறது.

மஞ்சள் கரு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 63 டிகிரியை ஒட்டித் தடிக்க ஆரம்பித்து, 70-க்குள் நன்றாக இறுகிவிடும். கொதிநீரில் சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. வெளியே இருக்கும் வெள்ளை 80-ஐத் தாண்டி வெந்துவிட, நடுவில் இருக்கும் மஞ்சள் இன்னும் 60-ஐக்கூடத் தொட்டிருக்காது. அதனால்தான் அரைவேக்காட்டு முட்டையில் வெள்ளை கெட்டி, மஞ்சள் தண்ணீர். குறைந்த சூட்டில் முட்டை முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுவதால் நிலைமை தலைகீழாகிறது. 65 டிகிரியில் மஞ்சள் கரு வெள்ளையைவிடக் கெட்டியாக இருக்கும். ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகளில் முட்டையைப் போட்டு எடுக்கும் ஓன்சென் தமாகோ இப்படித்தான் இருக்கும்: நடுவே உருண்டு திரண்ட மஞ்சள், சுற்றிலும் பாலாடை போல வெள்ளை.

ஆக, இந்த முறையில் நாம் டிகிரியைத் தேர்ந்தெடுப்பது மஞ்சள் கருவுக்காக. வெள்ளையை 8-ஆம் படியில் தனியாகக் கவனித்துக்கொள்ளலாம்.

## 2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தண்ணீரைச் சுழலவிட்டு ஒரே சூட்டில் வைத்திருக்கும் சர்க்குலேட்டர் இருந்தால் வேலை எளிது. பாத்திரத்தின் ஓரத்தில் மாட்டி, டிகிரியை அமைத்துவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அது இல்லாமலும் செய்யலாம், கடைசியில் சொல்கிறேன்.

இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் தேவை. அப்புறம் ஐந்து லிட்டர் பிடிக்கும் பாத்திரம், மூடி, துளைக் கரண்டி, ஒரு கிண்ணம் நிறைய ஐஸ் தண்ணீர். ஐஸை முதல் நாளே உறைய வைத்துவிடுங்கள். முட்டை வெந்தபிறகு ஃப்ரீசரைத் திறந்து “ஐஸ் இல்லையே” என்று நிற்கும் அந்த நேரத்தில் மஞ்சள் கரு காத்திருக்காது.

## 3. தெர்மாமீட்டரைச் சோதியுங்கள்

சாதாரணச் சமையலில் இரண்டு டிகிரி தவறு ஒரு பொருட்டே இல்லை. இங்கே 63-க்கும் 65-க்கும் நடுவே வழிகிற தேனுக்கும் ஜாமுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. என் முதல் தெர்மாமீட்டர் ஒன்றரை டிகிரி குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் பல வாரம், “63 டிகிரி” என்று நான் நினைத்த முட்டையெல்லாம் இறுகி வந்தது. குற்றத்தை முட்டை மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் சோதனை ஐஸில். ஒரு டம்ளர் நிறையப் பொடித்த ஐஸைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். நன்றாகக் கலக்கி இரண்டு நிமிடம் கழித்து, தெர்மாமீட்டர் முனை சுவரில் படாமல் நடுவில் இருக்கும்படி வையுங்கள். 0 காட்ட வேண்டும். தண்ணீர் அதிகமாகவும் ஐஸ் கொஞ்சமாகவும் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. அப்போது தண்ணீர் 2, 3 டிகிரியில்கூட இருக்கலாம்.

இரண்டாவது சோதனை எனக்குப் பிடித்தது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 35 முதல் 42 டிகிரிக்குள் மிகத் துல்லியமானது. வெதுவெதுப்பான 38 டிகிரித் தண்ணீரில் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து, காட்டும் எண்களை ஒப்பிடுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டரின் முனையை மட்டும் நனைத்தால் போதும். அதைவிடச் சூடான தண்ணீரில் அதை வைக்காதீர்கள்.

கொதிநீரில் 100 வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு, ஆனால் அது கடலோர ஊர்களுக்குத்தான் பொருந்தும். ஊட்டி போன்ற உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே 93 காட்டினால் தெர்மாமீட்டரில் கோளாறு இல்லை. ஒரு வசதி என்னவென்றால், நம்முடைய 64 டிகிரி எந்த ஊரிலும் 64 டிகிரிதான். மலையூரில் கொதிநீர் முட்டைக்கு நேரம் கூட்டவேண்டியிருக்கும், இந்த முறைக்கு அது தேவையில்லை.

எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அதைத் தாளில் எழுதித் தெர்மாமீட்டரிலேயே ஒட்டிவிடுங்கள்.

## 4. முட்டை: புதிது வேண்டும், எடை ஒன்றாக வேண்டும்

வேகவைத்து உரிப்பதற்குக் கொஞ்சம் பழைய முட்டைதான் நல்லது என்பார்கள். அது கொதிநீர் முட்டைக்குச் சரி. இங்கே நேர்மாறு. முட்டையின் வெள்ளையில் நீர்த்த பகுதி, தடித்த பகுதி என இரண்டு உண்டு. நாளாக ஆகத் தடித்த வெள்ளை கரைந்து நீர்த்துப்போகும். குறைந்த சூட்டில் உருவம் பிடிப்பது தடித்த பகுதி மட்டுமே என்பதால், பழைய முட்டையை உடைத்தால் பாதி தண்ணீராக ஓடிவிடும்.

கடையில் வாங்கியது எத்தனை நாள் பழையது என்று தெரியாவிட்டால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புதிது. ஒரு முனை மேலே தூக்கி நின்றால் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். மிதந்தால் வேண்டாம்.

எடையைப் பொறுத்தவரை, ஒரே தவணையில் போடும் முட்டைகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் உள்ள நேரமெல்லாம் 50 முதல் 58 கிராம் எடையுள்ள பண்ணை முட்டைக்கு உரியது. நாட்டுக்கோழி முட்டை பெரும்பாலும் சிறியது, சீக்கிரமே உள்வரை சூடேறிவிடும். அதற்கு பத்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். வாத்து முட்டைக்குக் கால் மணி நேரம் கூட்டுங்கள்.

ஃப்ரிட்ஜில் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஓட்டில் அழுக்கு இருந்தால் போடுவதற்குச் சற்று முன் கழுவித் துடையுங்கள். இந்தத் தண்ணீர் கொதிக்காது என்பதால் ஓட்டின் அழுக்கு அதில் கலந்து, உடைக்கும்போது முட்டையோடு கிண்ணத்துக்கு வந்துவிடும். மயிரிழை விரிசல் இருந்தால்கூட அந்த முட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

## 5. தண்ணீர் நிலைத்தபிறகுதான் முட்டை

பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அதோடு சேர்த்துச் சூடேற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. சூடேற உங்கள் பாத்திரத்தில் இருபது நிமிடம் ஆகும், இன்னொருவர் பாத்திரத்தில் நாற்பது நிமிடம் ஆகும். பிறகு எந்த நிமிடத்திலிருந்து கணக்கு வைப்பது? முதலில் 64-ஐ எட்டவிடுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் துளைக் கரண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். மேலிருந்து போட்டால் அடியில் மோதி விரிசல் விடும்.

முட்டை போட்டதும் தண்ணீரின் சூடு இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது தண்ணீரின் அளவைப் பொறுத்தது. ஐந்து லிட்டரில் நான்கு முட்டை போட்டால் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் இறங்கும். அதே நான்கை இரண்டு லிட்டரில் போட்டால் மூன்று டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்துப் போட்டால் ஐந்து டிகிரி வரை போகும். சர்க்குலேட்டர் சில நிமிடத்தில் ஈடுகட்டிவிடும் என்றாலும், தண்ணீர் தாராளமாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை. முட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி இருக்கக் கூடாது. நடுவே தண்ணீர் ஓடவேண்டும்.

போட்ட நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடி போடுங்கள்.

## 6. டிகிரி டிகிரியாக என்ன கிடைக்கும்

நேரத்தை ஒரு மணி நேரம் என்று நிலையாக வைத்துக்கொண்டு, சூட்டை மட்டும் மாற்றினால் வரும் பதங்கள் இவை. 55 கிராம் முட்டையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தது.

60 டிகிரி. உடைத்தால் பச்சை முட்டை போலவே விழும். வெள்ளை மட்டும் அரிசி கழுவிய தண்ணீர் போல மங்கலாகியிருக்கும். மஞ்சள் முழுத் திரவம். இதை அப்படியே சாப்பிட நான் சொல்ல மாட்டேன். மயோனைஸ் போன்றவற்றுக்குப் பச்சை முட்டைக்குப் பதிலாகப் பயன்படும்.

62 டிகிரி. தடித்த வெள்ளை இப்போது ஒரு பையாகத் திரள ஆரம்பிக்கும். ஆனால் கரண்டியால் தூக்கினால் நழுவும். மஞ்சள் கரு பச்சை முட்டையினுடையதைவிடக் கொஞ்சம்தான் தடித்திருக்கும், குத்தியவுடன் ஓடும். சூப்பிலோ கஞ்சியிலோ கலக்க ஏற்றது.

63 டிகிரி. உணவகங்களில் அதிகம் பரிமாறப்படும் பதம் இதை ஒட்டியதுதான். வெள்ளை, வழுக்கையில் மிக இளசானதைப் போல நடுங்கும், ஆனால் உருவம் நிற்கும். மஞ்சளைக் குத்தினால் உடனே பாயாது, ஒரு கணம் தயங்கிப் பிறகு பாகு போல வழியும்.

64 டிகிரி. எனக்கு மிகவும் பிடித்தது. மஞ்சள் கரு நல்ல கொம்புத்தேன் தடிமனில் இருக்கும். சுடுசோற்றின் மேல் வைத்து மிளகுத்தூள், உப்பு, கொஞ்சம் நெய் போட்டுப் பிசைந்தால் ஒவ்வொரு பருக்கையிலும் ஒட்டிக்கொள்ளும். 63-இல் அது சோற்றின் அடிக்கு இறங்கிவிடும், 65-இல் கட்டி கட்டியாக நிற்கும். ஒரு டிகிரி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மூன்று கிண்ணத்தைத்தான் காட்டுவேன்.

65 டிகிரி. இங்கே மஞ்சள் கரு வழிவது நின்றுவிடுகிறது. உடைத்தால் ஜாம் போலக் குவிந்து உட்காரும். கத்தியால் எடுத்து ரொட்டியில் தடவலாம். வெள்ளை 64-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் காட்டாது. இதைக் கவனியுங்கள்: 63 முதல் 67 வரை மஞ்சள் தலைகீழாக மாறிக்கொண்டே போகிறது, வெள்ளையோ மிக மெதுவாகத்தான் நகர்கிறது. ஓவால்புமினின் சூடு இன்னும் வெகுதூரத்தில் இருப்பதுதான் காரணம்.

66, 67 டிகிரி. இளம் பால்கோவா. 67-இல் மஞ்சள் கருவை முழு உருண்டையாக வெளியே எடுத்து, கையால் உருட்டி, தட்டி, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். இத்தனை கெட்டியாகியும் துளிகூட மாவாக உதிராது. கொதிநீர் முட்டையில் இந்தப் பதம் ஒரு மெல்லிய வளையமாக மட்டும்தான் வரும். இங்கே மஞ்சள் முழுவதும் அதே பதம்.

68 முதல் 70 வரை. மஞ்சள் இறுகி நிற்கும், ஆனால் ஈரம் இருக்கும். 70-ஐத் தொட்டால் வெட்டலாம். வெள்ளை சீம்பால் போல மென்மையாக ஆனால் முழுதாக நிற்கும். இளகிய மஞ்சள் பிடிக்காதவர்களுக்கு இதைக் கொடுங்கள். தொண்டையில் அடைக்காத கெட்டி மஞ்சள் என்று என் வீட்டில் பெரியவர்கள் விரும்பிக் கேட்பது இதைத்தான்.

இதற்கு மேல் போனால் இந்த முறையின் பயன் குறைந்துகொண்டே வரும். 75-ஐத் தாண்ட வேண்டுமென்றால் பேசாமல் கொதிக்கவே வைத்துவிடலாம்.

## 7. நேரமும் பதத்தை மாற்றும்

சூடு குறைவு என்பதால் எத்தனை மணி நேரம் விட்டாலும் பரவாயில்லை என்று எங்கும் படிப்பீர்கள். நானும் நம்பினேன். வெள்ளைக் கருவுக்கு அது ஓரளவு உண்மை. மஞ்சள் கருவுக்கு உண்மையே இல்லை. சேசர் வேகாவும் ரூபன் மெர்காடே-பிரியேட்டோவும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: 60-களில் எந்த டிகிரியில் வைத்தாலும், நேரம் ஆக ஆக மஞ்சள் கரு தடித்துக்கொண்டே போகிறது. பதத்தைத் தீர்மானிப்பது சூடும் நேரமும் சேர்ந்துதான்.

நீங்களே பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தது இது. ஒரே அட்டையிலிருந்து 55 கிராமை ஒட்டிய ஐந்து முட்டைகளைப் பொறுக்கி, ஓட்டில் பென்சிலால் எண் போட்டேன். ஐந்து லிட்டர் தண்ணீரை 64-இல் நிலைநிறுத்தி ஐந்தையும் ஒன்றாக இறக்கினேன். ஒவ்வொன்றாக வெவ்வேறு நேரத்தில் எடுத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு, உடைத்து வெள்ளைத் தட்டில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன்.

30-ஆவது நிமிட முட்டையில் மஞ்சளின் ஓரம் கொஞ்சம் தடித்திருந்தது, நடு இன்னும் தண்ணீர். சூடு இப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். 45-இல் முழுவதும் ஒரே மாதிரி, தட்டைச் சாய்த்ததும் பாகு போல நகர்ந்தது. 60-இல் தேன். 90-இல் தட்டைச் சாய்த்தும் அசையவில்லை, விரலால் தள்ளினால் நகர்ந்தது, அதாவது 65 டிகிரி ஒரு மணி நேரத்தில் தரும் ஜாம் பதம். 120-இல் கிட்டத்தட்ட பால்கோவா. ஐந்து முட்டையின் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 45-க்குப் பிறகு எது எது என்று சொல்லவே கடினமாக இருந்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள். 45 நிமிடத்துக்கு முன்னால் எடுக்காதீர்கள், உள்ளும் வெளியும் ஒரே பதமாக இருக்காது. விருந்தாளிகள் வரத் தாமதமானால் முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவைக்காதீர்கள். நேரம் முடிந்ததும் சர்க்குலேட்டரை 57-க்கு இறக்கி, பச்சைத் தண்ணீர் ஊற்றி அந்தச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அங்கே மஞ்சள் மிக மிக மெதுவாகத்தான் மாறும். ஒரு மணி நேரம் தாராளமாகக் காத்திருக்கலாம்.

## 8. எடுப்பதும் உடைப்பதும்

உடனே பரிமாறுவதாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வரும், வெள்ளையும் ஓட்டிலிருந்து கொஞ்சம் விடுபடும்.

இந்த முட்டையை உரிக்க முயலாதீர்கள், வெள்ளை கிழிந்துவிடும். பச்சை முட்டையைப் போல உடைக்க வேண்டும். அகன்ற முனையைத் தட்டி, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஓட்டை எடுத்து, சின்னக் கிண்ணத்துக்கு மிக அருகில் சாய்த்து வழுக்கவிடுங்கள். ஓட்டை சிறிதாக இருந்தால் மஞ்சள் அதில் உரசி உடையும்.

கிண்ணத்தில் விழுந்ததும் நடுவே திரண்ட முட்டையும் சுற்றிலும் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். அதுதான் நீர்த்த வெள்ளை. இந்தச் சூட்டில் அது ஒருபோதும் கெட்டியாகாது, வேகாததால் வந்ததல்ல. துளைக் கரண்டியில் தூக்கி அதை வடியவிட்டு, முட்டையை மட்டும் தட்டில் வையுங்கள். ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டு வெண்மையாக ஒரு படலம் நின்றுவிடும், அதையும் விட்டுவிடுங்கள்.

வெள்ளை இன்னும் உறுதியாக வேண்டுமா? இரண்டு வழி உண்டு. ஒன்று, வடித்த முட்டையைக் கொதி அடங்கிய வெந்நீரில் முக்கால் நிமிடம் விட்டு எடுப்பது. வெளிப்புறம் மட்டும் இறுகும். இன்னொன்று, ஆரம்பத்திலேயே முட்டையைக் கொதிநீரில் மூன்று நிமிடம் வைத்து, ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் நன்றாகக் குளிரவைத்து, அப்புறம் 64 டிகிரியில் 45 நிமிடம் விடுவது. மூன்று நிமிடத்தில் வெளி வெள்ளை 80-ஐத் தாண்டிவிடும், மஞ்சளுக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் ஐஸ் தடுத்துவிடும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். கவனமாக இருந்தால் ஓட்டைக்கூட உரிக்க முடிகிறது. ஐஸ் குளியலைத் தவிர்த்தால் மட்டும் எல்லாம் கெட்டுப்போகும்: ஓட்டில் தங்கிய சூடு மஞ்சளுக்கு இறங்கி ஓரத்தை இறுக்கிவிடும்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகர ஆய்வாளர்கள் 2025-இல் இதையே இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். 100 டிகிரி நீருக்கும் 30 டிகிரி நீருக்கும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, மொத்தம் 32 நிமிடம். வெளியே வெள்ளை நன்றாக வேக, உள்ளே மஞ்சள் 67 டிகிரியை ஒட்டி நின்றுவிடுகிறது. ஒருமுறை செய்து பார்த்தேன், பலன் உண்மைதான், ஆனால் 32 நிமிடமும் அடுப்பை விட்டு நகர முடியாது.

பரிமாறும்போது ஒன்று: கொதிக்கிற குழம்பில் இந்த முட்டையைப் போடாதீர்கள். குழம்பு 90 டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஒரு மணி நேரம் காத்து எடுத்த பதம் சில நிமிடத்தில் போய்விடும். குழம்பைத் தட்டில் ஊற்றி, முட்டையை மேலே வையுங்கள்.

மீந்தால் ஓட்டோடு ஐஸ் தண்ணீரில் முழுதாகக் குளிரவைத்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். சாப்பிடுமுன் 57 டிகிரித் தண்ணீரில் இருபது நிமிடம் போதும்.

## 9. சர்க்குலேட்டர் இல்லாமல்

அடிகனமான பாத்திரத்தில் ஐந்து லிட்டர் தண்ணீர், நான்கு முட்டை. அறைச் சூட்டில் உள்ள முட்டை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் இறக்கும் என்று பார்த்தோம். அதனால் 64 வேண்டுமானால் தண்ணீரை 65-க்குக் கொஞ்சம் மேல் கொண்டுவந்து, அடுப்பை அணைத்து, முட்டையை இறக்கி, மூடி, தடித்த துண்டு இரண்டைச் சுற்றிவிடுங்கள். ஐஸ் பெட்டி இருந்தால் அதில் ஊற்றிச் செய்வது இன்னும் நல்லது. குளிர்ச்சியைக் காப்பது போலவே அது சூட்டையும் காக்கும்.

பக்கத்தில் ஒரு கெட்டிலில் கொதிநீர் தயாராக இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லக் கலக்கி, சூட்டைப் பாருங்கள். கலக்காமல் பார்த்தால் மேல்தண்ணீரின் சூடுதான் தெரியும். ஒரு டிகிரி குறைந்திருந்தால் 150 மில்லி கொதிநீர், அதாவது ஒரு சின்ன டம்ளர், அதை ஈடுகட்டும். முட்டை மேல் படாமல் ஓரமாக ஊற்றிக் கலக்குங்கள். அடுப்பை மறுபடி பற்றவைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். அடியில் இருக்கும் முட்டை தீயின் சூட்டை நேராக வாங்கி, ஒரு பக்கம் மட்டும் வெந்துவிடும்.

இப்படிச் செய்தால் சூடு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை மேலும் கீழும் ஆடும். 63, 64 என்று பிரித்துச் செய்ய முடியாது. பாகா, ஜாமா, பால்கோவாவா என்ற அளவில் பதம் பிடிக்க முடியும். மின்வெட்டு வந்து சர்க்குலேட்டர் நின்றாலும் இதே துண்டும் கெட்டிலும்தான் கைகொடுக்கும்.

## 10. பாதுகாப்பு பற்றி

முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அதைக் கொல்லச் சூடும் நேரமும் சேர்ந்து வேண்டும். ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு 57 டிகிரியில் குறைந்தது 75 நிமிடம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 62-க்கு மேல் ஒரு மணி நேரம் என்றால் அதைத் தாண்டிவிடுகிறோம். ஆனால் இந்தக் கணக்கு, தெர்மாமீட்டர் உண்மை சொல்கிறது என்பதை வைத்துத்தான். 3-ஆம் படியைத் தாண்டி வந்தவர்கள் திரும்பிப் போய் அதைச் செய்யுங்கள்.

துண்டு சுற்றிய பாத்திரத்தில் செய்தது என்றால், கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கும் இளகிய முட்டையைத் தராதீர்கள். அவர்களுக்கு முழுதாக வேகவைத்த முட்டையே போதும். நடுவில் தண்ணீர் எப்போது 60-க்குக் கீழே இறங்கியது, எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்று தெரியாமல் போனால், அந்தத் தவணை முட்டையைக் கொதிக்கவைத்து மசாலா போட்டுவிடுங்கள்.